நீலக்குறி வருகைப் பதிவேடு அல்ல: செவிலியர் கண்காணிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தனியார் மருத்துவமனைகளின் செவிலியர் கண்காணிப்பாளர்களுக்கும், வார்டு இன்சார்ஜ்களுக்கும், மனிதவளப் பிரிவினருக்கும்,

வணக்கம்.

மருத்துவமனைகளில் மின்னஞ்சல், வாட்ஸ்அப் குழுக்கள், டூட்டி ரோஸ்டர் ஆகியவற்றைப் பராமரிக்கும் வேலையில் இருப்பவர்கள் நாங்கள். விளக்கம் கேட்டுக் கொடுக்கப்படும் மெமோக்களில் ஒரு வாசகம் இப்போது சர்வசாதாரணமாகிவிட்டது: "செய்தியைப் பார்த்ததற்கு நீலக்குறி உள்ளது, இருந்தும் பணிக்கு வரவில்லை." இந்த வாசகத்தை நம்பி ஒருவருடைய சம்பளத்தில் கை வைக்கக் கூடாது. ஏன் என்பதையும், அதே குறியை எதற்கு நம்பலாம் என்பதையும், நேரம் குறித்து அனுப்பும் வசதியை இரவுப் பணி உள்ள இடத்தில் எப்படிக் கையாள வேண்டும் என்பதையும் இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஒரு நிகழ்வை எடுத்துக்கொள்வோம். எல்லா மருத்துவமனைக்கும் பொருந்தும்படி நாங்களே அமைத்த எடுத்துக்காட்டு இது. வெள்ளிக்கிழமை இரவு 9:50. வார்டு இன்சார்ஜ் சிஸ்டர் திருத்திய ரோஸ்டரைப் படம் பிடித்து, 26 பேர் உள்ள குழுவில் போடுகிறார். கீழே "ரிவைஸ்டு, எல்லோரும் பார்த்துக்கொள்ளவும்" என்று ஒரு வரி. சனிக்கிழமை ஆஃப் இருந்த இரண்டு பேருக்கு அது காலை 7:30 டூட்டியாக மாறியிருக்கிறது. விடிந்ததும் ஒருவர் வருகிறார், ஒருவர் வரவில்லை. இன்சார்ஜ் அந்தப் படத்தை அழுத்திப் பிடித்து Info பக்கத்தைத் திறக்கிறார். Read by என்பதன் கீழ் 17 பெயர்கள், Delivered to என்பதன் கீழ் 7 பெயர்கள். ஒரு பெயர் இரண்டிலும் இல்லை. வராதவரின் பெயர் முதல் பட்டியலில், இரவு 10:04 என்ற நேரத்தோடு இருக்கிறது. வந்தவரின் பெயரோ இரண்டாவது பட்டியலில்தான் இருக்கிறது.

அதாவது "படித்தவர்" வரவில்லை, "படிக்காதவர்" வந்துவிட்டார். இதில் வியப்பு ஒன்றும் இல்லை. வந்தவருக்கு உடன் பணிபுரியும் தோழி போன் செய்து சொல்லியிருப்பார். அல்லது பூட்டிய திரையிலேயே அறிவிப்பாக வந்ததைப் பார்த்துவிட்டு, குழுவைத் திறக்காமலே விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பார். அறிவிப்பில் மட்டும் பார்த்தால் நீலக்குறி விழாது. வராதவர் 10:04-க்குக் குழுவைத் திறந்தது உண்மை. ஆனால் திறந்தார் என்பதற்கு மேல் அந்தக் குறிக்கு ஒன்றும் தெரியாது. உரையாடலைத் திறந்த உடனேயே வந்து கிடக்கும் செய்திகள் படித்ததாகக் குறிக்கப்பட்டுவிடும். படம் தானாக இறங்காதபடி அமைத்திருந்தால், மங்கலாகத் தெரியும் படத்தைத் தொடாமலே நீலக்குறி விழும். பிடிஎஃப் கோப்பும் அப்படித்தான், அதைத் திறந்தாரா என்று குறி சொல்லாது. இறக்கிப் பார்த்திருந்தால்கூட, 26 வரிசையும் 7 நாள் கட்டமும் உள்ள ஒரு தாளைக் கைப்பேசித் திரையில் பெரிதாக்கி, 19-வது வரிசையில் தன் பெயரைத் தேடி, சனிக்கிழமைக் கட்டத்துக்கு நகர்த்தினால்தான் O என்றிருந்தது M ஆனது கண்ணில் படும். ஏற்கெனவே தன் வார ரோஸ்டர் மனப்பாடமாக இருப்பவர், அதில் மாற்றம் வந்திருக்கிறது என்று யாராவது பெயர் சொல்லிச் சொல்லாதவரை அந்தத் தாளைத் துருவிப் பார்க்க மாட்டார்.

இன்னொரு சிக்கலும் உண்டு, இது பலருக்குத் தெரியாது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய எழுத்துச் செய்தியை 15 நிமிடங்களுக்குள் திருத்தலாம். 9:50-க்கு "ஞாயிறு" என்று எழுதி, 9:58-க்கு "சனி" என்று திருத்தினால், 9:53-க்குப் படித்துவிட்டுத் தூங்கப் போனவரின் பெயர் தொடர்ந்து படித்தவர் பட்டியலிலேயே இருக்கும். அவர் படித்தது பழைய வாசகம். திருத்தத்துக்காக அவருக்குப் புது அறிவிப்பு போகாது. Edited என்ற சிறிய சொல் மட்டும் செய்தியோடு சேர்ந்திருக்கும், அதையும் திரும்பக் குழுவுக்குள் வந்தால்தான் காண முடியும். ஆகவே டூட்டி நேரம், தேதி, பெயர் ஆகியவற்றைத் திருத்தவே வேண்டாம். தவறானதை எல்லோருக்குமாக நீக்கிவிட்டு, புதிய செய்தியாகவே போடுங்கள்.

அப்படியானால் இந்தக் குறிகளால் பயனே இல்லையா? இருக்கிறது. ஆனால் நாம் பார்க்கும் இடம் மாற வேண்டும். நீலத்தை விட்டுவிட்டு ஒற்றைச் சாம்பல் குறியைப் பாருங்கள். தனிச் செய்தியில் ஒற்றைக் குறி என்றால் அது நம் கைப்பேசியை விட்டுக் கிளம்பிவிட்டது, அவர் கைப்பேசிக்குப் போய்ச் சேரவில்லை என்று பொருள். போன் அணைந்திருக்கலாம், டேட்டா இல்லாமல் இருக்கலாம், நம்மைத் தடுத்தும் வைத்திருக்கலாம். காரணம் எதுவானாலும் முடிவு ஒன்றே: செய்தி சேரவில்லை, உடனே வேறு வழியில் சொல்லியாக வேண்டும். இரட்டைச் சாம்பல் என்றால் கைப்பேசிக்குச் சேர்ந்துவிட்டது, அவ்வளவுதான். அந்தக் கைப்பேசி ஐசியூவுக்கு வெளியே லாக்கரில் பூட்டிக் கிடக்கலாம். நீலம் என்றால் யாரோ அந்த உரையாடலைத் திறந்திருக்கிறார்கள். வீட்டில் அம்மாவின் போனில் விளையாடும் பிள்ளையாகவும் இருக்கலாம். நர்ஸிங் ஸ்டேஷன் கணினியில் அவர் கணக்கு திறந்தபடியே கிடந்து, அடுத்தவர் அந்த உரையாடலைச் சொடுக்கியிருந்தாலும் நீலம்தான். சேரவில்லை என்று குறி சொன்னால் நம்பலாம். படித்தார் என்று அது சொன்னால், அதை ஒரு தகவலாக மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்.

குழுவில் இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். கடைசி ஆள்வரை சேர்ந்தால்தான் இரண்டாவது குறி விழும், கடைசி ஆள்வரை திறந்தால்தான் நீலமாகும். நீண்ட விடுப்பில் போய், போனை அணைத்து வைத்திருக்கும் ஒருவர் போதும், 26 பேர் குழுவின் செய்தி ஒற்றைக் குறியிலேயே நின்றுவிடும். அதனால் குழுவில் குறியின் நிறத்தைப் பார்க்காமல் Info பக்கத்தையே பாருங்கள். Settings > Privacy > Read receipts என்ற இடத்தில் ஒருவர் வசதியை அணைத்திருந்தாலும், அது தனி உரையாடலுக்கு மட்டுமே பொருந்தும். குழுவில் அவர் திறந்தது தெரியவே செய்யும். "உன்னுடையதை ஆன் செய்து வை" என்று பணியாளரை வற்புறுத்துவது ரோஸ்டருக்குத் தேவையே இல்லாத வேலை. அது அவருடைய சொந்த போன்.

அந்த அமைப்பை அணைப்பவர் பிறருடைய நீலக்குறியையும் தனி உரையாடலில் பார்க்க முடியாது. இது இன்சார்ஜ்களுக்கும் பொருந்தும். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: குறி கீழிருந்து மேலே மட்டும் பேசுவதில்லை. ஒரு நர்ஸ் இரவு 8 மணிக்கு "அம்மாவுக்கு உடம்பு சரியில்லை சிஸ்டர், நாளை லீவு வேண்டும்" என்று உங்களுக்கு எழுதுகிறார். 8:05-க்கு நீலம் விழுகிறது. 11 மணிவரை பதில் இல்லை. நீங்கள் அட்மிஷனில் மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள், மாற்று ஆள் கிடைத்ததும் சொல்லலாம் என்று நினைத்திருக்கிறீர்கள். அங்கே அவர் ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் போனை எடுத்துப் பார்க்கிறார். மறுத்துவிட்டார்கள் என்றும் தோன்றும், சரியென்று விட்டுவிட்டார்கள் என்றும் தோன்றும். இரண்டில் எதை நம்பி நடந்தாலும் காலையில் தகராறுதான். "பார்த்தேன்மா, ஆள் பார்த்துவிட்டு 9:30-க்குள் சொல்கிறேன்" என்று ஒரு வரி எழுத அரை நிமிடம் ஆகும். பார்த்துவிட்டு மௌனமாக இருப்பது, பார்க்காமல் இருப்பதைவிட அதிகம் வலிக்கும். பதில் சொல்ல இப்போது நேரமில்லை என்றால் அறிவிப்பில் படித்துக்கொண்டு, உரையாடலைப் பிறகு திறப்பதில் தவறில்லை.

இனி அந்த வெள்ளிக்கிழமைச் செய்தியை எப்படி அனுப்பியிருக்க வேண்டும் என்று பார்ப்போம். மாற்றம் இரண்டு பேருக்குத்தான், மற்ற 23 பேருக்கும் அது செய்தியே அல்ல. பணி தொடங்க 12 மணி நேரத்துக்கும் குறைவாக இருக்கும்போது மாற்றத்தைச் சொல்லும் வழி போன் அழைப்புதான். வாட்ஸ்அப் அந்த அழைப்பை எழுத்தில் உறுதிப்படுத்தும் இடம். முதலில் இரண்டு பேரையும் அழைத்துப் பேசுங்கள். பிறகு தனித்தனியாக இப்படி எழுதுங்கள்: "நாளை சனிக்கிழமை உங்கள் ஆஃப் மாற்றப்பட்டுள்ளது. காலை 7:30, மூன்றாவது மாடி சர்ஜிகல் வார்டு. இதற்குப் பதில் ஆஃப் புதன்கிழமை. வருகிறேன் அல்லது வர முடியாது என்று இரவு 10:30-க்குள் பதில் எழுதவும். பதில் இல்லையென்றால் மீண்டும் அழைப்பேன். அதிலும் கிடைக்காவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவேன்." கடைசி வாக்கியம்தான் இதில் முக்கியம். பதில் வராவிட்டால் என்ன நடக்கும் என்பது இரு தரப்புக்கும் முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது, குறியைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டிய வேலை இல்லை. 10:30 ஆனதும் பார்க்க வேண்டியது "வருகிறேன்" என்ற சொல் வந்திருக்கிறதா என்பதை மட்டும்தான்.

26 பேரிடமும் ஒப்புதல் வாங்க வேண்டிய விஷயங்களும் இருக்கும்: மாத ரோஸ்டர், தீயணைப்புப் பயிற்சி நாள், தடுப்பூசி முகாம் போன்றவை. அதற்கு வாட்ஸ்அப் குழுவிலேயே உள்ள வாக்கெடுப்பு நன்றாகப் பயன்படும். இணைப்புப் பொத்தானை அழுத்தி Poll எடுத்து, கேள்வியில் எந்த மாத ரோஸ்டர் என்று எழுதி, "என் வரிசையைப் பார்த்தேன், சரி" என்றும் "என் வரிசையில் சந்தேகம், பேச வேண்டும்" என்றும் இரண்டு விடைகள் கொடுங்கள். Allow multiple answers என்பதை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் இரண்டையும் தொட்டுவிடுவார்கள். View votes-ஐத் தொட்டால் யார் எதைத் தேர்ந்தார்கள் என்று பெயரோடு தெரியும். அந்தப் பட்டியலில் வராத பெயர்களை மட்டும் அழைத்தால் போதும். கட்டைவிரல் குறியை ஒப்புதலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சிலருக்கு அது "சரி", சிலருக்கு அது "பார்த்தேன்", சிலருக்கு அது முந்தைய ஆளைப் பார்த்துப் போட்டது.

மின்னஞ்சலுக்கு வருவோம். மனிதவளப் பிரிவு மெமோக்களையும் சுற்றறிக்கைகளையும் "படித்ததற்கான ஒப்புகை" கேட்டு அனுப்புகிறது. அப்படிக் கேட்கும்போது கடிதத்தின் தலைப்பகுதியில் இந்த வரி சேர்கிறது:

```
Disposition-Notification-To: hr@hospital.example
```

இது ஒரு வேண்டுகோள் மட்டுமே. பெறுபவரின் மென்பொருள் இதை மதிக்கலாம், அவரிடம் கேட்கலாம், கண்டுகொள்ளாமலும் விடலாம். அவுட்லுக்கில் எப்போதும் அனுப்பு, ஒருபோதும் அனுப்பாதே, ஒவ்வொரு முறையும் கேள் என்று மூன்று தேர்வுகள் உண்டு. தனிப்பட்ட ஜிமெயில் கணக்கில் இந்த வசதி கிடையாது. நிறுவனக் கணக்கிலும் நிர்வாகி இயக்கி வைத்தால்தான் வேலை செய்யும், குழு முகவரிக்கு அனுப்பினால் ஒப்புகை வராது. ஆகவே சொந்த ஜிமெயில் முகவரி கொடுத்திருக்கும் ஒரு செவிலியரிடமிருந்து ஒப்புகை வரவில்லை என்றால், அவர் தட்டிக்கழிக்கிறார் என்று அர்த்தமே இல்லை. இந்த ஒப்புகைக்கான இணைய நெறிமுறை, 2017-இல் வந்த RFC 8098, இதை வெளிப்படையாகவே சொல்கிறது: displayed என்று வரும் ஒப்புகை, கடிதம் திரையில் காட்டப்பட்டது என்று மட்டுமே பொருள்படும், உள்ளடக்கம் படிக்கப்பட்டது, புரிந்துகொள்ளப்பட்டது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நெறிமுறையை எழுதியவர்களே கொடுக்காத உத்தரவாதத்தை மெமோவில் நாம் கொடுக்கக் கூடாது.

"நீதிமன்றமே நீலக்குறியை ஏற்றுக்கொண்டதே" என்று மனிதவளப் பிரிவில் சொல்வதுண்டு. 2018 ஜூனில் பம்பாய் உயர்நீதிமன்றம், வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் ஆக அனுப்பிய அறிவிப்பு சேர்ந்ததாக ஏற்றுக்கொண்டது உண்மைதான். ஆனால் அது, அறிவிப்பைத் தவிர்த்துவந்த ஒருவருக்கு அது சேர்ந்ததா என்ற கேள்வி. இன்னொரு பக்கம், 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், விசாரணைக்கு ஆஜராகச் சொல்லும் காவல்துறை அறிவிப்புகளை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று சொன்னது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 13-ஆம் பிரிவு பேசுவதும் மின்பதிவு எப்போது அனுப்பப்பட்டது, எப்போது பெறப்பட்டது என்பதைப் பற்றித்தான். பெறுவது வேறு, படிப்பது வேறு, ஆஃப் நாளை விட்டுக்கொடுக்கச் சம்மதிப்பது முற்றிலும் வேறு. ஒழுங்கு நடவடிக்கைக் கடிதத்துக்கு ஒப்புகை கேட்பது நியாயம்; ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால் அனுப்பிய பழக்கத்தின் தொடர்ச்சி அது. அட்டையில் அன்று வாங்கியவர் கையெழுத்துப் போட்டார். இன்றும் கடிதத்தின் கடைசியில் "பெற்றுக்கொண்டேன் என்று பதில் எழுதவும்" என்று கேட்டு வாங்கினால் அதே வலு கிடைக்கும். ஆனால் யோகா தினச் சுற்றறிக்கைக்கும் ஒப்புகை கேட்டால், பெறுபவர் திரையில் ஒவ்வொரு முறையும் "அனுப்பியவர் ஒப்புகை கேட்கிறார், அனுப்பலாமா?" என்ற பெட்டி குதிக்கும். நம்மை நம்பவில்லை என்பதுதான் அவர் அதில் படிக்கும் செய்தி. சில வாரங்களில் "ஒருபோதும் அனுப்பாதே" என்று அமைத்துவிடுவார், உண்மையிலேயே தேவைப்படும் நாளில் அது உங்களுக்குக் கிடைக்காது.

நேரம் குறித்து அனுப்புவதில் நல்லெண்ணமே தவறாகப் போகிறது. "இரவில் தொந்தரவு செய்ய வேண்டாம், காலை 9 மணிக்குப் போகட்டும்" என்று வைக்கிறீர்கள். அலுவலகத்துக்கு அது சரி. வார்டில் இரவு 7:30-க்கு வந்தவர் காலை 7:30-க்கு ஹேண்டோவர் கொடுத்து, பஸ் பிடித்து வீடு போய், குளித்துச் சாப்பிட்டுப் படுக்கும் நேரம் அது. நீங்கள் மரியாதையாக நினைத்து வைத்த 9 மணிச் செய்தி அவருடைய முதல் உறக்கத்தைக் கலைக்கிறது. அவருக்கு அது நள்ளிரவு அழைப்பு மாதிரி. மூன்று ஷிப்டும் இயங்கும் இடத்தில் எல்லோருக்கும் பொதுவான நேரம் என்று ஒன்றைத் தேடினால், மாலை 5:30 முதல் 6:45 வரைதான் ஓரளவு பொருந்துகிறது. காலை ஷிப்டுக்காரர் வீட்டில் விழித்திருப்பார், இரவுக்காரர் கிளம்பிக்கொண்டிருப்பார், மதிய ஷிப்டுக்காரர் 7:30-க்குப் பணி முடிந்ததும் பார்ப்பார். அவசரமில்லாத சுற்றறிக்கைகளை அந்த நேரத்துக்கு வையுங்கள். தனி ஆளுக்கான செய்தியென்றால், அனுப்பும் முன் அவருடைய அந்த வார வரிசையை ஒரு முறை பாருங்கள், நேரம் அதிலேயே இருக்கிறது.

ஜிமெயிலில் Send பொத்தானுக்குப் பக்கத்து அம்புக்குறியைத் தொட்டு Schedule send எடுத்தால், நாளை காலை 8:00, நாளை மதியம் 1:00 என்று தானாகச் சில நேரங்களைக் காட்டும். அதை அப்படியே அழுத்தாமல் Pick date & time போய் நீங்களே நேரம் குறியுங்கள். பெறுபவரிடம் "இது முன்பே எழுதியது" என்ற அடையாளம் எதுவும் தெரியாது. அவர் நினைப்பது, அனுப்பியவர் இப்போது போன் முன்னால் இருக்கிறார் என்று. உடனே சந்தேகம் கேட்டு அழைப்பார். நீங்கள் அந்த நேரத்தில் ரவுண்ட்ஸில் இருப்பீர்கள், அழைப்பை எடுக்க முடியாது. ஆகவே முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்: "இது நேற்று மாலை எழுதியது, கேள்வி இருந்தால் 10 மணிக்கு மேல் அழைக்கவும்." டெலிகிராமில் எதிராளி ஆன்லைன் வந்ததும் போகும்படி வைக்கும் தேர்வு ஒன்று உண்டு. போனைத் திறந்த அதே நொடியில் இன்சார்ஜிடமிருந்து செய்தி வந்து விழுந்தால் யாருக்கும் வயிற்றைக் கலக்கும். கண்காணிக்கிறார்கள் என்ற எண்ணத்தைத் தவிர அதனால் ஒன்றும் விளையாது, அதைப் பயன்படுத்தாதீர்கள்.

நேரம் குறித்த செய்தியின் பெரிய ஆபத்து, எழுதியபோது உண்மையாக இருந்தது போகும்போது பொய்யாகியிருக்கலாம் என்பது. வியாழன் மாலை "சனிக்கிழமை நீங்கள்தான் காலை டூட்டி" என்று எழுதி வெள்ளி மாலைக்கு வைக்கிறீர்கள். வெள்ளி மதியம் அவர் வந்து பேசி மாற்றிக்கொண்டு போய்விடுகிறார். மாலை 6 மணிக்குப் பழைய செய்தி போய், பேசியது எல்லாம் வீணாகிவிட்டதாக அவர் நினைக்கிறார். ஜிமெயிலில் இப்படிக் காத்திருப்பவை இடப்பக்கம் Scheduled என்ற அடைவில் இருக்கும். ரத்து செய்தால் வரைவுக்குத் திரும்பும். பிஓபி அல்லது ஐமேப் கணக்கோடு பழைய அவுட்லுக்கில் Delay Delivery வைத்தவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அது அந்தக் கணினியின் Outbox-இல்தான் காத்திருக்கும். அவுட்லுக்கை மூடிவிட்டுப் போனால் குறித்த நேரத்தில் போகாது, மறுநாள் யாராவது திறக்கும்போது போகும். இவை எல்லாம் ஒருவருடைய கணக்குக்குள் இருப்பவை. அவர் விடுப்பில் போனால் மற்றவருக்குத் தெரியவும் தெரியாது, நிறுத்தவும் முடியாது. எனவே பொறுப்பு மாற்றும்போது நோயாளிகளைப் பற்றிச் சொல்வதோடு, காத்திருக்கும் செய்திகளையும் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகும் பழக்கம் வேண்டும். ரோஸ்டர் மாற்றத்தையும், மெமோவையும், ஒருவர் வீட்டுத் துக்கத்துக்கான ஆறுதலையும் நேரம் குறித்து அனுப்பவே வேண்டாம். முதலிரண்டும் கணத்துக்குக் கணம் மாறக்கூடியவை. ஆறுதல் சொல்லிய நேரத்தில் நீங்கள் அங்கே இருக்க வேண்டும், அவர் திருப்பி அழைத்தால் எடுப்பதற்கு.

வாட்ஸ்அப்புக்கு நேரம் குறித்து அனுப்ப, வெளியார் செயலிகளைச் சில வார்டுகளில் நிறுவிக்கொள்கிறார்கள். ஆண்ட்ராய்டில் இவற்றில் பல Accessibility அனுமதி கேட்கும். அந்த அனுமதி கொடுத்தால் திரையில் வருவதையெல்லாம் அந்தச் செயலியால் படிக்க முடியும். நோயாளியின் பெயர், படுக்கை எண், லேப் ரிப்போர்ட் படங்கள் எல்லாம் அதில் அடங்கும். திரைப்பூட்டு இருந்தால் குறித்த நேரத்தில் போகாது என்று பூட்டையும் எடுக்கச் சொல்பவையும் உண்டு. வார்டு வேலைக்குப் பயன்படும் எந்த போனிலும் இவை இருக்கக் கூடாது.

உங்களிடம் நாங்கள் கேட்பது இரண்டே. பணிமாற்றத்தை எழுத்தில் வந்த பதிலால் மட்டுமே உறுதிசெய்வது என்று நர்ஸிங் சர்வீஸ் விதிகளில் ஒரு வரி சேருங்கள். 12 மணி நேரத்துக்குள் நடக்கும் மாற்றமானால் அதற்கு முன் போன் அழைப்பு கட்டாயம் என்பதும் அதே வரியில் இருக்கட்டும். இரண்டாவது, நீலக்குறியை மட்டும் ஆதாரமாக வைத்துக் கொடுத்த மெமோக்கள் பணிப் பதிவேட்டில் இருந்தால் அவற்றை எடுத்துப் பாருங்கள். அந்தச் செய்தி படமாகப் போனதா, திருத்தப்பட்டதா, அவர் பெயர் அதில் தனியாகச் சொல்லப்பட்டதா என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் தேடுங்கள். பதில் கிடைக்காதவற்றைத் திரும்பப் பெற்று, பிடித்த சம்பளத்தை அடுத்த மாதச் சம்பளத்தோடு சேர்த்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
மருத்துவமனைகளின் செய்தி, மின்னஞ்சல், ரோஸ்டர் அமைப்புகளைப் பராமரிப்பவர்கள்